ஊதியமும் கொள்முதலும்: உள்கட்டுப்பாட்டுக் கேள்வியை ஒரு பீன்யா தொழிற்கூடத்தை வைத்து விடுவிப்பது எப்படி

தணிக்கைத் தாளில் உள்கட்டுப்பாட்டுக் கேள்வி வந்தால் பெரும்பாலான பிள்ளைகள் எழுதும் விடை இப்படித்தான் இருக்கும்: "பணிகளைப் பிரிக்க வேண்டும். மேலாளர் ஒப்புதல் தர வேண்டும். உள்தணிக்கையை வலுப்படுத்த வேண்டும்." மூன்றுமே சரிதான். ஆனால் கேள்வியைப் படிக்காமலே இந்த மூன்றையும் எழுதிவிடலாம், மதிப்பெண் குறைவதற்கு அதுதான் காரணம். திருத்துபவருக்கு வேண்டியது வேறு. அந்தக் கம்பெனியில் எந்த ஆள், எந்தத் தாளை வைத்து, எப்படிப் பணத்தை எடுத்துப்போக முடியும்? எந்த இடத்தில் வழியை அடைத்தால் அது நிற்கும்? இதை அவர் உங்கள் விடையில் தேடுகிறார்.

நான் பெங்களூரில் தொழிற்கூடங்களுக்கு உள்தணிக்கை செய்கிறவன். ஞாயிற்றுக்கிழமைகளில் அல்சூரில் சி.ஏ., சி.எம்.ஏ. படிக்கும் தமிழ்ப் பிள்ளைகள் பத்துப் பேருடன் உட்கார்ந்து இந்தக் கேள்விகளைப் போட்டுப் பார்ப்பது வழக்கம். அங்கே நான் கொடுக்கும் ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு, முதல் வாசிப்பிலிருந்து பரிந்துரை வரை போகலாம். கம்பெனி கற்பனை. அதிலுள்ள ஓட்டைகள் எல்லாம் நான் நேரில் பார்த்த வகை.

கேள்வி

பீன்யா தொழிற்பேட்டையில் தகட்டை வெட்டி வளைத்து மின்சாரப் பெட்டிகள் செய்யும் ஒரு கம்பெனி. சம்பளப் பட்டியலில் 142 பேர். மாதம் கைக்குப் போகும் சம்பளம் மொத்தம் சுமார் 24,85,000 ரூபாய்.

வருகை விரல்ரேகை இயந்திரத்தில் பதிவாகிறது. விரல் பதியாதவர்களுக்கு லைன் சூப்பர்வைசர் ஒரு துண்டுச் சீட்டில் எழுதித் தருவார். அதைச் சம்பளப் பிரிவு உதவியாளர் எக்செலில் ஏற்றுவார். புது ஆள் சேர்ந்தாலும் பழைய ஆள் நின்றாலும் சூப்பர்வைசர் அவரிடம் வாயால் சொல்வார், அல்லது வாட்ஸ்அப்பில் அனுப்புவார். ஊழியர் விவரத்தையும் வங்கிக் கணக்கு எண்ணையும் பதிவதும் மாற்றுவதும் அதே உதவியாளர்தான். சம்பளத்தைக் கணக்கிட்டு, வங்கிக்கான கோப்பைத் தயாரிப்பதும் அவரே. கணக்கு மேலாளர் மொத்தத் தொகையைப் போன மாதத் தொகையோடு ஒப்பிட்டு வங்கித் தளத்தில் ஒப்புதல் தருவார்.

கொள்முதலில், 50,000 ரூபாய் வரையிலான ஆர்டருக்குக் கொள்முதல் அதிகாரியே ஒப்புதல் தரலாம். அதற்கு மேல் போனால் இயக்குநர் கையெழுத்து. டாலியில் புதிய வெண்டரைத் திறப்பது கொள்முதல் அதிகாரி. ஸ்டோர்ஸ் கீப்பர் விடுப்பில் இருக்கும் நாட்களில் சரக்கை இறக்கி, அது வந்து சேர்ந்ததற்கான சீட்டான ஜி.ஆர்.என். போடுவதும் அவரே. ஆர்டர், ஜி.ஆர்.என்., பில் மூன்றும் ஒத்திருந்தால் கணக்குப் பிரிவு பணம் அனுப்பும். வாசலில் செக்யூரிட்டி தனியாக ஒரு வண்டிப் பதிவேடு வைத்திருக்கிறார். அதை வேறு யாரும் பார்ப்பதில்லை.

குறைபாடுகளைக் கண்டறிந்து, விளைவை விளக்கி, பரிந்துரை தரவும்.

முதலில் ஆட்களை எழுதுங்கள்

பேனாவை எடுத்ததும் குறைபாட்டைத் தேடாதீர்கள். ஒரு ஓரத்தில் ஆட்களின் பட்டியலைப் போடுங்கள்: சூப்பர்வைசர், சம்பள உதவியாளர், கணக்கு மேலாளர், கொள்முதல் அதிகாரி, ஸ்டோர்ஸ் கீப்பர், கணக்குப் பிரிவு, செக்யூரிட்டி. பிறகு ஒவ்வொருவர் பெயருக்கு எதிரிலும் அவர் செய்யும் வேலைகளைக் கேள்வியிலிருந்து அப்படியே எடுத்து எழுதுங்கள்.

பணம் புழங்கும் எந்த வேலையிலும் நான்கு கைகள் உண்டு. 'செய்யலாம்' என்று அனுமதிக்கும் கை ஒன்று. பொருளையோ பணத்தையோ தொடும் கை ஒன்று. கணக்கில் எழுதும் கை ஒன்று. எழுதியது சரியா என்று வெளியே நின்று ஒத்துப் பார்க்கும் கை ஒன்று. ஒரே ஆளிடம் இரண்டு கைகள் சேர்ந்திருக்கும் இடத்தைத்தான் நாம் தேடுகிறோம். பணிப் பிரிப்பு என்ற சொல்லுக்கு நடைமுறையில் இவ்வளவுதான் பொருள்.

நம் கேள்வியில் சம்பள உதவியாளர் ஆளைச் சேர்க்கிறார், கணக்கு எண்ணை மாற்றுகிறார், கணக்கிடுகிறார், வங்கிக் கோப்பும் செய்கிறார். சரிபார்ப்பதைத் தவிர எல்லாம் அவரிடம். கொள்முதல் அதிகாரி வெண்டரைத் திறக்கிறார், ஆர்டர் போடுகிறார், சில நாட்களில் சரக்கையும் தானே வாங்கிக்கொள்கிறார். இந்த இரண்டு பேரைச் சுற்றித்தான் விடை முழுதும் எழும்பும்.

பட்டியலில் இன்னொரு பயனும் இருக்கிறது. ஏற்கெனவே இருக்கிற நல்ல கட்டுப்பாடு கண்ணில் படும். விரல்ரேகை இயந்திரம் இருக்கிறது என்று கேள்வியே சொல்கிறது. ஆனாலும் ஒவ்வொரு முறையும் இரண்டு பேராவது "பயோமெட்ரிக் முறையைக் கொண்டுவர வேண்டும்" என்று எழுதிவிடுகிறார்கள். கேள்வியை வாசிக்கவில்லை என்று நாமே திருத்துபவரிடம் சொல்வதுபோல் ஆகிவிடும்.

பிறகு திருடனாக யோசியுங்கள்

இதைச் சொன்னதும் ஒரு மாணவி தயங்கினாள். "சார், யாரும் திருடினதா கேள்வியில இல்லையே. நாமளா எப்படிச் சொல்றது?" நல்ல கேள்வி. திருடினார் என்று எழுதக் கூடாது. திருட முடியும் என்று எழுத வேண்டும். அதற்கு அந்த நாற்காலியில் ஒரு நிமிடம் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

சம்பள உதவியாளரின் நாற்காலியில் உட்காருங்கள். மார்ச் 11-ஆம் தேதி பிரஸ் மெஷினில் வேலை செய்த ஒருவர் ஊருக்குப் போய்விட்டார். சூப்பர்வைசர் அதை வாயால் சொன்னார். எழுத்தில் எதுவும் இல்லை. பட்டியலிலிருந்து அவரை எடுக்காமல், கணக்கு எண்ணை மட்டும் தனக்கு வேண்டியவரின் எண்ணாக மாற்றிவிட்டால் போதும். ஏப்ரல், மே, ஜூன் மூன்று மாதமும் 16,400 வீதம் 49,200 ரூபாய் போய்விடும்.

வங்கி தடுக்காதா என்று கேட்பீர்கள். நெஃப்ட் வழியாகப் போகும் பணம் கணக்கு எண்ணை மட்டும் வைத்து வரவாகிறது. கோப்பில் உள்ள பெயரும் கணக்கின் பெயரும் வேறாக இருந்தாலும் வரவு நிற்காது. கோப்பில் பழைய ஊழியரின் பெயர் அப்படியே இருப்பதால், பார்க்கிறவர் கண்ணுக்கும் எதுவும் உறுத்தாது.

வருகைப் பதிவு காட்டிக்கொடுக்காதா? தகட்டு வேலையில் விரல் நுனி தேய்ந்துபோகும், எண்ணெயும் இரும்புத் தூளும் படியும். நிஜமாகவே பலருக்கு விரல் பதியாது. அதற்காக வைத்த துண்டுச் சீட்டுதான் இங்கே கதவு. சீட்டுக்கு எண் இல்லை. எக்செலில் 26 நாள் என்று தட்டினால் 26 நாள்தான்.

மேலாளர் ஒப்புதல்? அவர் பார்ப்பது மொத்தத்தை. 24,85,000-இல் 16,400 என்பது ஒரு சதவீதம்கூட இல்லை. ஓவர்டைம் ஏறி இறங்குவதே அதைவிட அதிகம். அதோடு, நின்றுபோனவரின் சம்பளம் தொடர்ந்து போவதால் போன மாதத்தோடு வித்தியாசமே வராது. மொத்தத்தை ஒப்பிடும் கட்டுப்பாடு இந்த மோசடியைப் பிடிப்பதற்குப் பதிலாக, 'எல்லாம் சரி' என்று சான்றிதழ் கொடுக்கிறது. இதை விடையில் கட்டாயம் எழுதுங்கள். இருக்கிற கட்டுப்பாடு ஏன் வேலை செய்யவில்லை என்று சொல்வதுதான் நல்ல விடைக்கும் சாதாரண விடைக்கும் உள்ள வேறுபாடு.

மூன்று வரி முறை: குறை, விளைவு, பரிந்துரை

ஒவ்வொரு குறைக்கும் மூன்று பகுதி எழுத வேண்டும். குறை என்பது கேள்வியில் உள்ள உண்மை. விளைவு என்பது அதனால் என்ன நடக்கலாம், கணக்கில் எது தவறாகும் என்பது. பரிந்துரையில் நான்கு கேள்விக்கு விடை இருக்க வேண்டும்: யார், எந்தத் தாளை வைத்து, எப்போது, செய்ததற்கு என்ன அடையாளம். கடைசிக் கேள்வியைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். செய்ததற்கு ஒரு கையெழுத்தோ தேதியோ பதிவோ இல்லையென்றால், பிறகு வரும் தணிக்கையாளர் அந்தக் கட்டுப்பாட்டைச் சோதிக்கவே முடியாது.

சம்பளக் குறை ஒன்றை முழுதாக எழுதிக் காட்டுகிறேன்.

*குறை:* ஊழியர் சேர்க்கை, விலகல், வங்கிக் கணக்கு மாற்றம் மூன்றும் எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் சம்பள உதவியாளராலேயே பதியப்படுகின்றன. சம்பளத்தைக் கணக்கிட்டு வங்கிக் கோப்பைத் தயாரிப்பவரும் அவரே.

*விளைவு:* விலகிய ஊழியரின் பெயரிலோ இல்லாத ஊழியரின் பெயரிலோ சம்பளம் வேறு கணக்குக்குப் போகலாம். மொத்தத் தொகை பெரிதாக மாறாததால் மேலாளரின் ஒப்பீட்டில் இது தெரியாது. சம்பளச் செலவு மிகையாகக் காட்டப்படும், கம்பெனி பணத்தை இழக்கும்.

*பரிந்துரை:* சேர்க்கை, விலகல், கணக்கு மாற்றத்துக்கு எண்ணிட்ட படிவம் வேண்டும். அதில் துறைத் தலைவரும் மனிதவளப் பிரிவினரும் கையெழுத்திட வேண்டும். முதன்மைப் பதிவை மாற்றும் உரிமை மென்பொருளில் மனிதவளப் பிரிவுக்கு மட்டும் இருக்கட்டும். சம்பள உதவியாளருக்குப் பார்க்கும் உரிமை போதும். மாதந்தோறும் சம்பளம் போகுமுன், அந்த மாதம் மாறிய விவரங்களின் பட்டியலை மென்பொருளிலிருந்து கணக்கு மேலாளரே நேரடியாக எடுத்து, படிவங்களோடு ஒத்துப் பார்த்துக் கையெழுத்தும் தேதியும் இட வேண்டும்.

'மேலாளரே நேரடியாக எடுத்து' என்று சொன்னதைக் கவனியுங்கள். அந்தப் பட்டியலை உதவியாளர் எடுத்துக் கொடுத்தால், தான் மாற்றிய வரியை நீக்கிவிட்டுக் கொடுப்பார். சரிபார்க்கும் ஆளுக்குத் தாள் எங்கிருந்து வருகிறது என்று ஒவ்வொரு பரிந்துரையிலும் கேட்டுப் பாருங்கள். சரிபார்க்கப்படுகிறவரின் கையிலிருந்து வந்தால் அந்தச் சரிபார்ப்புக்கு மதிப்பில்லை.

மேலாளரின் ஒப்பீட்டையும் திருத்த வேண்டும். தொகையை விட்டுவிட்டுத் தலைகளை எண்ணச் சொல்லுங்கள். போன மாதம் 142 பேர். மனிதவளப் பிரிவின் படிவப்படி 6 பேர் சேர்ந்தார்கள், 4 பேர் விலகினார்கள். இந்த மாதம் வங்கிக் கோப்பில் 144 வரிகள் இருக்க வேண்டும். 145 இருந்தால் அந்த ஒருவர் யார் என்று கேட்காமல் பணம் போகக் கூடாது.

துண்டுச் சீட்டுக்கும் ஒரு வழி வேண்டும். அதை ஒழித்துவிடுங்கள் என்று எழுதினால் தேய்ந்த விரலோடு வேலை பார்க்கிறவருக்குச் சம்பளம் கிடைக்காது. எண்ணிட்ட சீட்டுப் புத்தகம், சூப்பர்வைசரோடு தொழிலாளியின் கையெழுத்தும், வாராவாரம் கையால் ஏற்றிய வருகைகளின் தனிப் பட்டியல் உற்பத்தி மேலாளருக்கு. மாதம் முழுக்க ஒருமுறைகூட விரல் வைக்காத பெயர்களை அவர் முகம் பார்த்து உறுதிசெய்ய வேண்டும். முடிந்தால் அவர்களுக்கு முகப்பதிவு அல்லது அடையாள அட்டை முறை.

நடந்துவிட்டதா என்று பார்ப்பது

சில கேள்விகள் "என்ன சோதனை செய்வீர்கள்" என்றும் கேட்கும். அப்போது கம்பெனிக்கு வெளியே உருவாகும் சான்றைத் தேடுங்கள். சம்பளத்துக்கு அப்படிப்பட்ட சான்று வருங்கால வைப்பு நிதியின் மாத ரிட்டர்ன். இதை இ.சி.ஆர். என்பார்கள். அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் ஏற்ற வேண்டும். அதில் ஒவ்வொருவரின் பி.எஃப். அடையாள எண்ணான யூ.ஏ.என்.-உம் இருக்கும். போலிப் பெயரை அதில் சேர்க்க மோசடிக்காரர் தயங்குவார். ஏனென்றால் விலகிப்போன ஆளின் கைப்பேசிக்குப் பி.எஃப். வரவு என்று குறுஞ்செய்தி போகலாம், அவர் பாஸ்புக்கிலும் தெரியும். ஆகவே சம்பளப் பட்டியலில் இருந்து இ.சி.ஆரில் இல்லாத பெயர்களை எடுங்கள். அவர்கள் எல்லாரும் போலி என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அடிப்படைச் சம்பளம் 15,000-க்கு மேல் இருந்து, முதல்முறை வேலைக்குச் சேரும்போதே திட்டத்துக்கு வெளியே இருப்பவர்களும் அங்கே இருப்பார்கள். அவர்களின் படிவத்தைப் பார்த்து ஒதுக்கிய பிறகு மிஞ்சும் பெயர்களே விசாரிக்க வேண்டியவை.

அடுத்தது, ஒரே வங்கிக் கணக்கு இரண்டு பேருக்கு இருக்கிறதா என்று பார்ப்பது. இங்கே ஒரு சின்ன ஆபத்து. எக்செலில் எல்லோரும் COUNTIF போடுவார்கள். அது எண்களாலான உரையை எண்ணாக மாற்றிப் பார்ப்பதால் முதல் 15 இலக்கம் வரைதான் துல்லியம். 16 இலக்கக் கணக்கு எண்களில் கடைசி இலக்கம் மட்டும் வேறாக இருந்தால், இரண்டும் ஒன்று என்று சொல்லி அப்பாவிகளைக் காட்டும். கணக்கு எண் பத்தியை உரையாக வைத்துக்கொண்டு இதைப் போடுங்கள்:

```
=SUMPRODUCT(--($F$2:$F$143=F2))
```

விடை 1-க்கு மேல் வரும் வரிகளைப் பாருங்கள். கணவன் மனைவி இருவரும் அங்கேயே வேலை செய்து ஒரே கணக்கைக் கொடுத்திருக்கலாம். அதையும் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

கொள்முதல் பக்கம்

கொள்முதல் அதிகாரியின் நாற்காலிக்குப் போவோம். அவருக்கு 50,000 வரை உரிமை. ஒரே நாளில் ஒரே வெண்டருக்கு மூன்று ஆர்டர் போடுகிறார், வரியும் சேர்த்து 48,500, 47,900, 49,200. மொத்தம் 1,45,600. ஒன்றாகப் போட்டிருந்தால் இயக்குநர் மேசைக்குப் போயிருக்கும். மூன்றாக உடைத்ததால் போகவில்லை.

உடைப்பதில் இன்னொரு வசதியும் இருக்கிறது. 50,000 ரூபாயைத் தாண்டும் சரக்கு நகரும்போது ஜி.எஸ்.டி. சட்டப்படி இ-வே பில் வேண்டும். அதில் வண்டி எண் இருக்கும், வெளியிலிருந்து வந்த ஒரு சாட்சி கிடைக்கும். வரம்புக்குள் நிறுத்திவிட்டால் அந்தச் சாட்சியும் இல்லை. ஸ்டோர்ஸ் கீப்பர் விடுப்பில் இருக்கும் நாளைப் பார்த்து ஜி.ஆர்.என்.-ஐயும் தானே போட்டுவிட்டால், சரக்கு வராமலே காகிதம் முழுமையாகிவிடும். கணக்குப் பிரிவு ஆர்டர், ஜி.ஆர்.என்., பில் மூன்றையும் ஒத்துப் பார்த்துத் திருப்தியோடு பணம் அனுப்பும். மூன்று காகிதமும் ஒத்துப்போகும், ஏனென்றால் ஒன்று அவர் எழுதியது, இன்னொன்றும் அவர் எழுதியது, மூன்றாவது அவருக்கு வேண்டிய வெண்டர் எழுதியது.

இதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். ஒரு தொழிற்கூடத்தில் ஜி.ஆர்.என். புத்தகம் அச்சடித்ததுபோல அழகாக இருந்தது. வரிசை எண் தப்பவில்லை, கார்பன் நகல் ஒழுங்காக இருந்தது. சும்மா ஒரு எண்ணத்தில் வாசல் செக்யூரிட்டி அறைக்குப் போய் வண்டிப் பதிவேட்டைக் கேட்டேன். எண்ணெய்க் கறை படிந்த நீளமான நோட்டு. தேதி, வண்டி எண், உள்ளே வந்த நேரம், வெளியே போன நேரம் எல்லாம் கன்னடத்தில் கிறுக்கலாக இருந்தன. மூன்று ஜி.ஆர்.என்.களின் தேதிக்கு விரலை ஓட்டினேன். அந்த வெண்டரின் வண்டி இல்லை. பக்கத்தில் நின்ற செக்யூரிட்டிப் பெரியவர் எட்டிப் பார்த்துவிட்டு, "ஆ தின காடி பந்தில்ல சார்" என்றார். அன்றைக்கு வண்டியே வரவில்லை. அழகான புத்தகம் சொன்ன பொய்யை அழுக்கு நோட்டு பிடித்துக்கொடுத்தது. அன்றிலிருந்து எந்தத் தொழிற்கூடத்துக்குப் போனாலும் முதலில் நான் கேட்பது வாசல் பதிவேடு.

நம் கேள்வியில் "அதை வேறு யாரும் பார்ப்பதில்லை" என்று ஒரு வரி கடைசியில் ஒட்டிக்கொண்டிருக்கிறதே, அதுதான் பரிந்துரையின் சாவி. கொள்முதல் குறையை இப்படி எழுதலாம்.

*குறை:* கொள்முதல் அதிகாரி வெண்டரைத் திறக்கிறார், தன் வரம்புக்குள் ஆர்டருக்கு ஒப்புதல் தருகிறார், ஸ்டோர்ஸ் கீப்பர் இல்லாத நாட்களில் சரக்கையும் பெறுகிறார்.

*விளைவு:* போலி வெண்டருக்கோ வராத சரக்குக்கோ பணம் போகலாம். பெரிய ஆர்டரைத் துண்டாக்கி இயக்குநரின் ஒப்புதலைத் தவிர்க்கலாம். கொள்முதலும் இருப்பும் மிகையாகும்.

*பரிந்துரை:* வெண்டரைத் திறக்கும் உரிமையைக் கணக்குப் பிரிவுக்கு மாற்ற வேண்டும். ஜி.எஸ்.டி. எண், பான், ரத்துசெய்த காசோலை மூன்றையும் பார்த்து, கணக்கு மேலாளர் ஒப்புதலுக்குப் பிறகே திறக்க வேண்டும். ஸ்டோர்ஸ் கீப்பர் விடுப்பில் இருந்தால் உற்பத்திப் பிரிவிலிருந்து பெயர் குறிப்பிட்ட ஒருவர் சரக்கைப் பெற வேண்டும், கொள்முதல் பிரிவைச் சேர்ந்த யாரும் பெறக் கூடாது. ஜி.ஆர்.என்.-இல் வாசல் பதிவேட்டின் வரிசை எண்ணையும் வண்டி எண்ணையும் எழுத வேண்டும். எடை பார்த்து வாங்கும் தகடாக இருந்தால் எடைச் சீட்டையும் இணைக்க வேண்டும். வாசல் பதிவேட்டின் நகல் தினமும் மாலையில் செக்யூரிட்டியிடமிருந்து நேராகக் கணக்குப் பிரிவுக்குப் போகட்டும், அதில் இல்லாத ஜி.ஆர்.என்.-க்குப் பணம் நிற்கட்டும். ஒப்புதல் வரம்பை ஓர் ஆர்டருக்கு என்று வைக்காமல் ஒரு வெண்டருக்கு ஒரு மாதத்துக்கு என்று வைத்தால் துண்டாக்குவதில் பயன் இருக்காது.

வரம்பை 50,000-இலிருந்து 25,000-ஆகக் குறைக்கச் சொல்வதுதான் இங்கே பலர் எழுதும் பரிந்துரை. அப்படிச் செய்தால் மூன்று துண்டு ஆறாகும், இயக்குநர் மேசையில் ஆணி, போல்ட் வாங்கும் காகிதங்கள் குவியும், அவர் படிக்காமலே கையெழுத்துப் போடத் தொடங்குவார்.

வெண்டர் உண்மையானவரா என்று பார்க்க எளிய சோதனை ஒன்று உண்டு. ஜி.எஸ்.டி. எண் 15 எழுத்து. முதல் இரண்டு மாநில எண், கர்நாடகத்துக்கு 29. அடுத்த பத்தும் உரிமையாளரின் பான். தனி ஆள் நடத்தும் கடையென்றால் அது அவருடைய சொந்தப் பான்தான். ஆகவே வெண்டர் பட்டியலில்

```
=MID(B2,3,10)
```

என்று போட்டு வரும் பானை, சம்பளப் பிரிவில் உள்ள ஊழியர்களின் பான் பட்டியலோடு ஒப்பிடலாம். ஓர் ஊழியரே வெண்டராக இருந்தால் தெரிந்துவிடும். அவருடைய மனைவியோ மைத்துனரோ நடத்தினால் இதில் தெரியாது. அதற்கு முகவரி, கைப்பேசி எண், வங்கிக் கணக்கு ஆகியவற்றையும் ஒப்பிட வேண்டும், அப்போதும் தப்பலாம்.

பிரித்த பிறகும் நிற்காத இடங்கள்

பணிப் பிரிப்புக்கு ஒரு பலவீனம் உண்டு. இரண்டு பேர் கூட்டுச் சேர்ந்துவிட்டால் அது இல்லாததுபோல் ஆகிவிடும். இயக்குநரே "போடு, நான் பார்த்துக்கறேன்" என்றால் கீழே உள்ள கட்டுப்பாடு எதுவும் நிற்காது. இந்த வரம்புகளைக் கேள்வி கேட்டால் மட்டும் எழுதுங்கள். கேட்காதபோது எழுதினால் பரிந்துரைக்கான நேரம் போய்விடும்.

கூட்டைக் கடினமாக்க இரண்டு வழிகள் உண்டு. சம்பளப் பிரிவிலும் கொள்முதலிலும் இருப்பவர்கள் வருடத்துக்கு ஒருமுறை தொடர்ச்சியாகப் பத்து நாளாவது விடுப்பில் போக வேண்டும், அந்த நாட்களில் வேலையை வேறொருவர் செய்ய வேண்டும். விடுப்பே எடுக்காமல் விழுந்து விழுந்து உழைக்கும் ஆளைப் பாராட்டும் முன் இதை யோசிக்கச் சொல்வேன். இரண்டாவது, சம்பளம் போகும் நாளில் முன்னறிவிப்பு இல்லாமல் லைனுக்குப் போய், பட்டியலில் உள்ள பெயர்களை முகத்தோடு ஒத்துப் பார்ப்பது. 142 பேருக்கு ஒரு காலைப்பொழுது போதும். சம்பளப் பிரிவினர் கூட வரக் கூடாது.

மோசடி உண்மையிலேயே நடந்திருந்தால் சட்டத் தணிக்கையாளர் யாரிடம் சொல்வது என்பதிலும் பிள்ளைகளுக்குக் குழப்பம் வருகிறது. 2013 கம்பெனிச் சட்டம் 143(12) பிரிவுப்படி, கம்பெனியின் அதிகாரிகளோ ஊழியர்களோ செய்த மோசடி 1 கோடி ரூபாய் அல்லது அதற்கு மேல் இருந்தால் மத்திய அரசு வரை போக வேண்டும். அதற்குக் குறைவென்றால் தணிக்கைக் குழுவிடமோ இயக்குநர் குழுவிடமோ சொல்ல வேண்டும். நம் கணக்கில் 49,200-உம் 1,45,600-உம் சேர்ந்து 1,94,800 ரூபாய். இது இயக்குநர் குழுவோடு நிற்கும். மோசடி எதுவும் நடக்காமல் ஓட்டை மட்டும் இருந்தால், முக்கியமான குறைபாடுகளை எஸ்.ஏ. 265 என்ற தணிக்கைத் தரத்தின்படி நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். கேள்வி "கடிதம் எழுதுக" என்று வந்தால் இந்த அடிப்படையில்தான்.

ஆள் குறைந்த இடத்தில்

இதே கேள்வியை எட்டுப் பேர் உள்ள அலுவலகமாக மாற்றியும் கேட்பார்கள். அங்கே கணக்கு எழுதுபவர் ஒருவர்தான். மனிதவளம், கொள்முதல் என்று தனிப் பிரிவுகளே இல்லை. "மூன்று பேரை நியமிக்க வேண்டும்" என்று எழுதினால் முதலாளி அந்தத் தாளைத் திருப்பிக்கூடப் பார்க்க மாட்டார், திருத்துபவரும் அப்படித்தான். பிரிக்க முடியாத இடத்தில் முதலாளியே நான்காவது கையாக வேண்டும்.

அவருக்கு மாதம் அரைமணி நேர வேலைதான் கொடுக்க வேண்டும். வங்கித் தளத்தில் கணக்காளர் ஏற்றுவார், முதலாளி தன் சொந்தக் கைப்பேசிக்கு வரும் ஓ.டி.பி.-யை வைத்து ஒப்புதல் தருவார். அந்தக் கைப்பேசியையோ கடவுச்சொல்லையோ கணக்காளரிடம் விட்டுவைக்கக் கூடாது. பல கம்பெனிகளில் ஓட்டை விழுவது இங்கேதான், இரண்டு உள்நுழைவும் ஒரே டைரியின் கடைசிப் பக்கத்தில் எழுதியிருக்கும். மாத முடிவில் வங்கி ஸ்டேட்மென்டை முதலாளியே நேராகத் தரவிறக்கி, தனக்குத் தெரியாத பெயர்களுக்குப் பக்கத்தில் குறி போட்டு, அந்தப் பில்லை மட்டும் கேட்க வேண்டும். சம்பளக் கோப்பில் எட்டு முகங்களும் அவருக்கே தெரியும், எண்ணிப் பார்த்தால் போதும். டாலியில் எடிட் லாக் பதிவைத் திறந்து, பழைய தேதியில் யார் என்ன மாற்றினார் என்று பார்க்க வேண்டும். கம்பெனிகளின் கணக்கு மென்பொருளில் மாற்றங்களின் தடம் பதிவாக வேண்டும் என்பது 2023 ஏப்ரல் 1 முதல் கட்டாயம், ஆகவே இதற்குப் புதுச் செலவு எதுவும் இல்லை.

விடைத்தாளில் இந்தப் பகுதிக்குத் தலைப்பு "மாற்றுக் கட்டுப்பாடு" என்று போடுங்கள். பணியைப் பிரிக்க முடியாததற்குக் காரணம் ஒரு வரி, முதலாளி செய்ய வேண்டிய வேலை, அவர் பார்க்கும் தாள், அதில் அவர் இடும் கையெழுத்தும் தேதியும். வரிசை அதேதான், ஆள் மட்டும் மாறுகிறார்.